எல்லா பாடத்துக்கும் மூணுல ஒரு பங்கு வேணாம்: நம்ம படிப்பு வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

படிப்பு வட்டத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன். குரூப் 4 பசங்களுக்கு பாடங்கள சுருக்கி ஜெராக்ஸ் போட்டு கொடுக்குறோம்ல, அதுல எந்த பாடமா இருந்தாலும் மூணுல ஒரு பங்குன்னு வச்சிருக்க ரூல மாத்தணும்.

இந்த ரூல் எங்க இருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ஸ்கூல் தமிழ் பரீட்சைல "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக"ன்னு கேப்பாங்க. அங்க கொடுக்குறது ஒரே ஒரு பத்தி, அதுக்கு மூணுல ஒண்ணு சரி. நம்ம கையில இருக்கறதோ முழு பாடம், ஒண்ணு கதை மாதிரி ஓடும், இன்னொண்ணு வரிக்கு வரி சட்டமா இருக்கும், ரெண்டுக்கும் ஒரே அளவுன்னா எப்படி?

1964 புயல் பாடத்தையே எடுங்க. ஏறக்குறைய 3000 வார்த்தை, ரூல் படி 1000 வார்த்தைக்கு நோட்ஸ் போட்டோம், பாதிப்பேர் படிக்கவே இல்ல. அந்த பாடத்துல பெரும்பகுதி காத்து எப்படி அடிச்சுச்சு, அலை எவ்ளோ உசரம் வந்துச்சுங்கற வர்ணனைதான். அத ஒதுக்கிட்டு, இது இல்லேன்னா அடுத்தது புரியாதுங்கற இடங்கள மட்டும் எண்ணிப் பாத்தேன். டிசம்பர் 22 ராத்திரி புயல் கரைய தொட்டது, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில கடல் அடிச்சுட்டு போனது, பாம்பன் பாலம் சேதமானது, அத 46 நாள்ல சரி பண்ணது, தனுஷ்கோடி மக்கள் வாழ லாயக்கில்லாத ஊர்னு அரசாங்கம் அறிவிச்சது, அவ்ளோதான், அஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் 60 வார்த்தை கொடுத்தாலும் 300, பத்துல ஒரு பங்கு. கதையா ஓடுற பாடத்துக்கு அது தாராளம்.

இப்ப மீன்பிடி ஒழுங்குமுறை பாடத்துக்கு வாங்க, வம்பே இங்கதான். மொத்தமே 900 வார்த்தை, நாம 300க்குள்ள அடக்கணும்னு பாத்து "ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடி தடை, கரைக்கு அருகில் மீன்பிடிக்கக் கூடாது"ன்னு முடிச்சுட்டோம். யாருக்கு தடை? விசைப்படகுக்குதான், நாட்டு வள்ளத்துக்கு இல்ல, அது நம்ம ஊர்ல சின்னப்புள்ளைக்கும் தெரியும் ஆனா நோட்ஸ்ல இல்ல. எப்ப? கிழக்கு கடற்கரைக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மேற்கு கடற்கரைக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும், ரெண்டுமே 61 நாள்தான், அதனால நாள் கணக்க மட்டும் படிச்சவன் தேதிய கேட்டா ரெண்டையும் குழப்பிக்குவான். "கரைக்கு அருகில்"னா எவ்ளோ தூரம்? விசைப்படகு கரையில இருந்து எத்தன கடல்மைலுக்குள்ள மீன் பிடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு எண் இருக்கு. அந்த எண் போச்சுன்னா அந்த வரியே வேஸ்ட்.

சட்டப் பாடத்துல ஒவ்வொரு வரியிலயும் யாரு, என்ன, எங்க, எப்ப, யாருக்கு விலக்குன்னு இருக்கும், அதுல ஒண்ண உருவுனாலும் மிச்சம் தப்பான தகவலா ஆயிடும். ஒரே விஷயத்த திருப்பி சொல்ற வரியும் முன்னுரையும்தான் வெட்ட கிடைக்கும், அதனால பாதிக்கு கீழ இறங்க முடியாது. 900க்கு 450 வார்த்தை, சில பிரிவுகள அப்படியே எடுத்து வச்சாலும் தப்பில்ல.

சேதுக் கால்வாய் மாதிரி ரெண்டு தரப்பு வாதம் இருக்க பாடத்துக்கு நாலுல ஒண்ணு போதும்னு நினைக்கிறேன், ஒரே காரணத்துக்கு மூணு உதாரணம் இருந்தா ஒண்ணு வச்சா போதும், ஆனா எதிர்தரப்போட காரணத்த ஒரு வரியில முடிச்சுடாதீங்க. அட்டவணை பாடத்த சுருக்கவே வேணாம், ஜெராக்ஸ் போட்டு ஒட்டிடலாம்.

அதனால முதல்லயே பங்கு முடிவு பண்ணிட்டு எழுத உக்காராதீங்க. பென்சில எடுத்து வெட்ட முடியாத வரிகள கோடு போட்டுட்டு வாங்க, அது எவ்ளோ வருதோ அதுதான் நோட்ஸோட அளவு. எழுதி முடிச்சதும் மூலப் பாடத்த படிக்காத ஒருத்தர்கிட்ட நோட்ஸ மட்டும் கொடுத்து பழைய கேள்வி பத்து கேளுங்க. பதில் தெரியாம முழிச்சா ஏதோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம், உறுதியா தப்பு பதில் சொன்னா விலக்க வெட்டிட்டோம்னு அர்த்தம், அது ரொம்ப மோசம். எல்லாத்துக்கும் சரியா சொல்லிட்டு ஆனா பாதி பக்கத்த தாண்டி குதிச்சு படிச்சிருந்தா நோட்ஸ் நீளம்.

மீன்பிடி பாட நோட்ஸ அடுத்த பேட்ச்சுக்கு கொடுக்குறதுக்கு முன்னாடி திரும்ப எழுதணும். நான் எழுதி தர்றேன், சரிபாக்க விசைப்படகு வச்சிருக்கவங்க வீட்டு ஆள் ஒருத்தரும் வள்ளத்துல போறவங்க வீட்டு ஆள் ஒருத்தரும் வேணும், யாருன்னு நீங்களே சொல்லுங்க.