மொய் நோட்டை ஏற்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற காதுகுத்தோடு உங்கள் வீட்டு மொய் நோட்டு உன் பொறுப்புக்கு வருகிறது. உன் அப்பாவுக்கு நோட்டு தேவைப்பட்டதே குறைவு. எந்த ஊரில் யார், எவ்வளவு செய்தார் என்பதெல்லாம் அவர் மனசிலேயே இருந்தது. உனக்கு அப்படி இல்லை. அதனால் இருபது வருடம் கழித்து யார் புரட்டினாலும் புரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும்.

முதலில் பெயர். மொய்க் கணக்கில் பாதித் தகராறு தொகையால் வருவதில்லை, பெயரால் வருகிறது. 'பி. முருகேசன், 500' என்று மேஜையில் அவசரமாக எழுதிவிடுவார்கள். அந்த 'பி' பழனியா, பாண்டியா, பெருமாளா, பெரியசாமியா? அதே ஆள் இன்னொரு விசேஷத்தில் 'பெ. முருகேசன்' என்று சொல்லியிருந்தால், ஒருவரே நோட்டில் இரண்டு பேராகிவிடுவார். ஒருவருக்கு நாம் திருப்பிச் செய்தாச்சு, இன்னொருவருக்குச் செய்யவில்லை என்று கணக்கு காட்டும். எனவே இனிஷியல் வேண்டாம், அப்பா பெயரை முழுதாக எழுது. வரிசை இப்படி இருக்கட்டும்: ஊர், தெரு, அப்பா பெயர், அவர் பெயர், கடைசியில் ஊரில் வழங்கும் அடையாளம். டெய்லர், கண்டக்டர், மேலவீடு என்று எதைச் சொன்னால் ஊருக்குத் தெரியுமோ அது. மனைவி வந்து மொய் வைத்தாலும் வீட்டுக்காரர் பெயரையும் கேட்டு எழுது. அடுத்த பத்திரிகை அவர் பெயரில்தான் வரும்.

விசேஷத்தன்று மேஜையில் இரண்டு பேராவது உட்கார வேண்டும். ஒருவர் பணத்தை வாங்கி, எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். கொடுத்தவர் எதிரில் நிற்கும்போதே இது நடந்துவிட்டால், 101-ஐ 1001 என்று எழுதும் தவறு அங்கேயே பிடிபடும். நோட்டுக்கு முதலிலேயே பக்க எண் போட்டுவிடு. பக்கத்துக்கு இருபது பெயர் போதும். பக்கம் முடிந்ததும் கூட்டி, அந்தப் பக்கத்துப் பணத்தைத் தனியாக ரப்பர் பேண்டு போட்டு, சீட்டில் பக்க எண் எழுதிச் செருகு. ராத்திரி கணக்குப் பார்க்கையில் 500 குறைந்தால் முழு நோட்டையும் தேட வேண்டியதில்லை. எந்தக் கட்டு குறைகிறதோ அந்த இருபது பெயரை மட்டும் பார்த்தால் போதும்.

கவரில் வருவதை எதிரில் பிரிக்கக் கூச்சமாக இருந்தால், கவருக்கு ஓர் எண் போட்டு, அதே எண்ணை நோட்டில் பெயருக்கு நேராக எழுதிக்கொள். தொகைக் கட்டத்தைக் காலியாக விடு. ராத்திரி இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பிரியுங்கள். ஒருவர் தனியாகப் பிரித்து, உள்ளே பணம் இல்லாமல் போனால், யாரும் யாரையும் கேட்க முடியாத சங்கடம் ஆகிவிடும். ஜிபேயில் வருவதற்குத் தனிக் கட்டம் வை. ரொக்கத்தோடு சேர்த்துக் கூட்டினால் கட்டுக் கணக்கு உதைக்கும். அதோடு, பணம் மகனுடைய போனிலிருந்து வந்திருக்கும், மொய் அப்பா பெயருக்கு இருக்கும். யார் பெயரில் எழுத வேண்டும் என்று அன்றே கேட்டுவிடு.

இது மேஜை நோட்டு. இதை அப்படியே பத்திரமாக வைத்துவிடு, பின்னால் எதையும் இதில் திருத்தாதே. இதிலிருந்து ஒரு வாரத்துக்குள் வீட்டுப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். நாள் தள்ளினால், எழுத்து புரியாத இடங்களில் யாரைக் கேட்பது என்பதே மறந்துபோகும். பேரேடு ஊர்வாரியாக இருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு அரைப் பக்கம். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் செய்தது, ஓரத்தில் பாக்கி. ஒவ்வொரு வரியிலும் தேதி, என்ன விசேஷம், தொகை.

இந்தப் பாக்கிக் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள். 2012-இல் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு 500 வைத்தார். 2016-இல் அவர் மகள் சடங்குக்கு நீங்கள் 1000 வைத்தீர்கள். அதில் 500 பழைய மொய், மீதி 500 புது மொய். இப்போது அவர் உங்களுக்கு 500 செய்ய வேண்டும். 2021-இல் உங்கள் வீட்டு விசேஷத்தில் 1500 வைத்தார். 500 பழையது கழிந்தது, 1000 புதியது. இன்றைய பாக்கி நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டிய 1000. பாக்கிக் கட்டம் இல்லாமல் கடைசி வரியை மட்டும் பார்த்தால் 1500 செய்ய வேண்டும்போலத் தோன்றும். 2012-ஐ மட்டும் பார்த்தவர் 500 போதும் என்பார். இப்படி 500 வைத்துவிட்டு வந்தால், அவர் வீட்டு நோட்டில் அது குறையாக நிற்கும். அவர் வாய் திறந்து கேட்கமாட்டார், அடுத்த பத்திரிகைக்கு வராமல் இருந்துவிடுவார்.

இப்போது முருகேசன் மகன் கல்யாணப் பத்திரிகை வந்தால் எவ்வளவு வைப்பது? 1000-க்குக் குறையக் கூடாது. சரியாக 1000 வைத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் நம் பக்கத்தில் பல ஊர்களில் அதைக் 'கணக்கை முடித்துக்கொண்டார்கள்' என்று எடுத்துக்கொள்வார்கள். உறவு தொடர வேண்டுமானால் மேலே 500-ஓ 1000-மோ புது மொய் சேர்த்து வை. மேலே சேர்ப்பது உன் சக்தியைப் பொறுத்தது. பழையதைக் குறைக்கும் உரிமை மட்டும் உனக்குக் கிடையாது. தங்கமாக வந்திருந்தால் அன்றைய விலையை எழுதாதே, கிராமில் எழுது. 2012-இன் ஒரு கிராம் விலையை இன்று ரூபாயாகத் திருப்பினால் அது திருப்பியதாகவே ஆகாது.

பத்திரிகை வந்த அன்றே பேரேட்டைப் பார்த்து, பாக்கியைப் பத்திரிகையின் மூலையில் பென்சிலால் குறித்துவிடு. ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்தத்தில் நாலு கல்யாணம் வரும், காலையில் கிளம்பும் நேரத்தில் தேட முடியாது. போக முடியாமல் வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பினால், உங்கள் ஊரும் அப்பா பெயரும் எழுதிய சீட்டைப் பணத்தோடு கொடு. இல்லாவிட்டால் கொண்டுபோனவர் பெயரிலேயே எழுதிவிடுவார்கள். அவர் திரும்பி வந்து எழுதியாச்சு என்று சொன்ன பிறகே வலப்பக்கத்தில் ஏற்று.

இன்னொன்று, நீயும் உன் கூடப்பிறந்த அண்ணனும் தனிக்குடித்தனம் ஆனது. பாகப்பிரிவினையில் வீடு, நிலம், கடன் எல்லாம் பேசுவார்கள், பழைய மொய்யைப் பேசமாட்டார்கள். அப்பா பெயரில் வந்த மொய்க்கு யார் திருப்பிச் செய்வது? நீ செய்வாய் என்று அண்ணனும், அண்ணன் செய்வார் என்று நீயும் இருந்தால், அந்த வீட்டுக்கு ஒருவருமே செய்திருக்கமாட்டீர்கள். இரண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து, பாக்கி உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராக 'அண்ணன்' அல்லது 'தம்பி' என்று எழுதுங்கள். யார் பிள்ளையின் விசேஷத்துக்கு வந்த பணமோ அவரே திருப்புவது நியாயம். பொதுவாக வந்ததை ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். பேரேட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். காதுகுத்துப் பத்திரிகை வைக்கப் போகும்போதே, 'இனி எனக்குத் தனி மொய்' என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் மேஜையில் வந்து அப்பா பெயருக்கே எழுதச் சொல்வார்கள்.

விசேஷம் முடிந்த ராத்திரியே மேஜை நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து உன் கூடப்பிறந்த அண்ணனுக்கு அனுப்பிவிடு. மை பேனாவால் எழுதாதே. சாம்பார்க் கையோடு யாராவது தொட்டாலும் கலையாத பால்பாயிண்ட் பேனா இரண்டு வாங்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்