‘ரீஃபண்ட் போட்டாச்சு’ என்றால் எங்கே போட்டார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

விமான டிக்கெட் ரத்தாகி, பணம் கார்டுக்குத் திரும்பி வராமல் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 ஜூன், ஜூலையில் நானும் ஏழு வாரம் அலைந்தேன். அந்த ஏழு வாரத்தில் நான்கு வாரம் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டே போய்விட்டது. ‘பணம் எப்போ வரும்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ‘பணம் இப்போ யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கோவையிலிருந்து டெல்லிக்கு மூன்று டிக்கெட். எங்கள் பகுதியில் உள்ள டிராவல் ஏஜென்சியில் ஏப்ரலிலேயே எடுத்தோம். டிக்கெட் 21,420 ரூபாய், ஏஜென்சியின் சர்வீஸ் கட்டணம் 1,050, ஆக மொத்தம் 22,470. என் கிரெடிட் கார்டில் கட்டினேன். ஜூன் 14 பயணம். ஜூன் 5-ம் தேதி, விமானத்தை ரத்து செய்துவிட்டதாக விமான நிறுவனத்திடமிருந்தே எஸ்.எம்.எஸ். வந்தது. வேறு விமானம் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் காட்டிய விமானம் முகூர்த்தத்துக்குப் பிறகுதான் டெல்லி போய்ச் சேரும். பணமே போதும் என்று சொல்லிவிட்டு ரயிலில் போய் வந்தோம்.

ஊர் திரும்பி ஏஜென்சிக்குப் போனால், “கம்பெனியிலிருந்து இன்னும் வரலீங்க மேடம், 30 வேலை நாள் ஆகும்” என்றார்கள். சரி என்று காத்திருந்தேன். ஜூலை 2-ம் தேதி விமான நிறுவனத்துக்குப் போன் செய்தேன். “நாங்கள் எப்பவோ கொடுத்துவிட்டோம், ஏஜென்டைக் கேளுங்கள்” என்றார்கள். எப்போது, எவ்வளவு என்று கேட்டால், ஏஜென்ட் எடுத்த டிக்கெட் என்பதால் விவரம் தர முடியாதாம்.

அன்று இரவு என் கணவர் ஏப்ரல் மாத கார்டு ஸ்டேட்மெண்டை எடுத்துவைத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். 22,470 ரூபாய்க்கு நேராக இருந்தது விமான நிறுவனத்தின் பெயர் இல்லை, ஏஜென்சியின் பெயர். விஷயம் அங்கேதான் இருந்தது. நம் கார்டிலிருந்து பணத்தை எடுத்தவர் ஏஜென்ட். அவர் விமான நிறுவனத்தில் தனக்கு இருக்கும் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்திருக்கிறார். ரத்தானால் விமான நிறுவனம் அந்தக் கணக்கில்தான் பணத்தைப் போடும், நம் கார்டு எண்ணே அவர்களிடம் இருக்காது. அங்கிருந்து நம் கார்டுக்கு அனுப்ப வேண்டியது ஏஜென்ட். ஸ்டேட்மெண்டில் விமான நிறுவனத்தின் பெயரே இருந்திருந்தால் நடுவில் யாரும் இல்லை, நேரே அவர்களைப் பிடிக்கலாம். ரீஃபண்டுக்கு அலைகிறவர்கள் முதலில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி விமான நிறுவனம் கைகழுவ முடியாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி.சி.ஏ.வின் ரீஃபண்ட் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது: ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும், ஏஜென்ட்கள் விமான நிறுவனத்தின் பிரதிநிதிகள் என்பதால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. அப்போது நடப்பில் இருந்த விதிப்படி, கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால் 7 நாள், ஏஜென்ட் வழி என்றால் 30 வேலை நாள். ஏஜென்சியில் சொன்ன 30 நாள் இதுதான். ஆனால் அது முழுப் பணமும் நம் கைக்கு வந்து முடிய வேண்டிய கெடு. ஏஜென்ட் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள அளித்த சலுகை இல்லை.

இந்த விதியைச் சுட்டிக்காட்டி, பி.என்.ஆர். எண்ணையும் போட்டு, விமான நிறுவனத்துக்கு ஈமெயில் அனுப்பினேன். அதையே மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் (airsewa.gov.in) புகாராகப் பதிந்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. முழுத்தொகை 21,420 ரூபாய் ஜூன் 8-ம் தேதியே ஏஜென்சியின் கணக்கில் போட்டாயிற்று என்று எழுத்தில் இருந்தது. அதை அச்செடுத்து ஏஜென்சி மேஜையில் வைத்தேன். படித்துப் பார்த்தவர் நிமிராமலே, “இன்னிக்கே போட்டுடறேங்க” என்றார். மாலையில் “ரீஃபண்ட் போட்டாச்சு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் வந்தது.

பத்து நாள் ஆகியும் கார்டில் ஒன்றும் ஏறவில்லை. வங்கிக்குப் போன் செய்தேன். அங்கே பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. “அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் இருப்பது அவர்களுக்காகக் கார்டு பணத்தைக் கையாளும் பேமெண்ட் கேட்வேயின் சொந்த எண்தாம்மா, அதை வைத்து எங்களால் தேட முடியாது. ஏ.ஆர்.என். கேளுங்கள், 23 இலக்கம் இருக்கும்” என்றார். கார்டுக்கு ரீஃபண்ட் உண்மையிலேயே கிளம்பினால்தான் கார்டு நெட்வொர்க்கில் அந்த எண் உருவாகும். அது இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியே தேடிச் சொல்லும். ரீஃபண்ட் போட்டு சில நாள் ஆகியும் எண் வரவில்லை என்றால், பணம் கிளம்பவே இல்லை என்று சந்தேகப்படலாம்.

திரும்பவும் ஏஜென்சி. இந்த முறை கடைக்காரரின் மகன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே ‘பெண்டிங்’ என்று இருந்தது. ரீஃபண்ட் தொகையை ஏஜென்சியின் இருப்பிலிருந்துதான் கேட்வே எடுக்கும். அன்று இருப்பு போதவில்லை, அதனால் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பணம் வேறு யாருக்கோ டிக்கெட் எடுக்கப் போயிருந்தது. அந்தப் பையன் மறைக்காமல் காட்டியதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் என் பணத்தைப் புரட்டிவிட்டு, கம்பெனியிலிருந்து வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதை மறக்க முடியவில்லை. நான் பென்ஷன்காரி. 21,420 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை.

ஜூலை 18-ல் இருப்பு வைத்து மறுபடி அனுப்பினார்கள். மறுநாள் 23 இலக்க எண் வந்தது. 23-ம் தேதி பணம் கார்டில் ஏறியது. சர்வீஸ் கட்டணம் 1,050 மட்டும் திரும்பவில்லை.

இதுவும் பலிக்காமல் போனால் என்ன செய்வது என்று வங்கியில் கேட்டுவைத்திருந்தேன். ரீஃபண்ட் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்று கார்டு வங்கியிடமே டிஸ்ப்யூட் கொடுக்கலாம். ரத்தான எஸ்.எம்.எஸ்., விமான நிறுவனத்தின் ஈமெயில், ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் அதற்கு ஆதாரம். ஆனால் பொதுவாக 120 நாள்தான் கெடு. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்பதை உங்கள் வங்கியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஏஜென்ட் இழுக்கும்போது இந்த நாட்களும் கூடவே கரைகின்றன. அதற்கு அப்புறம் இருப்பது 1915 நுகர்வோர் உதவி எண்ணும் நுகர்வோர் ஆணையமும்தான்.

இன்னொன்று. டிக்கெட் எடுத்த கார்டு தொலைந்து புது எண்ணில் கார்டு வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். அதே வங்கி, அதே கணக்கு என்றால் பழைய எண்ணுக்கு வந்த பணத்தைப் பொதுவாக அவர்களே சேர்த்துவிடுவார்கள். கார்டு கணக்கையே மூடிவிட்டவர்கள்தான் ஏ.ஆர்.என். எண்ணோடு வங்கிக்குப் போய்க் கேட்க வேண்டும்.

டி.ஜி.சி.ஏ.வுக்கு உங்கள் இதழ் மூலம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். விமானம் ரத்தானதை எஸ்.எம்.எஸ்.ஸில் சொல்ல முடிகிற நிறுவனத்தால், ‘இன்ன தேதியில், இவ்வளவு ரூபாய், இன்ன ஏஜென்சிக்குத் திருப்பிக் கொடுத்தோம்’ என்று அதே எண்ணுக்கு இன்னொரு எஸ்.எம்.எஸ். அனுப்பவும் முடியும். அதைக் கட்டாயமாக்குங்கள். எனக்கு ஜூன் 8-ம் தேதியே அப்படி ஒன்று வந்திருந்தால், ஜூன் 9-ம் தேதி நான் ஏஜென்சி வாசலில் நின்றிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோயம்புத்தூர்.