956 என்று நின்ற அந்த ஸ்லைடைப் பற்றி

கடலூரில் ஞாயிறுதோறும் குரூப் 4 தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். என் அக்கா மகள் உங்கள் வகுப்புக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிறாள். காசு வாங்காமல் நடத்துகிறீர்கள் என்பதற்கு முதலில் நன்றி. இருபது வருடம் மஞ்சக்குப்பத்தில் கணக்கு டியூஷன் எடுத்தவன் என்ற முறையில், போன மாதம் நீங்கள் போட்ட பெருக்கல் குறுக்குவழி ஸ்லைடுகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் சொன்னேன். "அது டைப்பிங் மிஸ்டேக் சார்" என்று வைத்துவிட்டார்கள். அது டைப்பிங் மிஸ்டேக் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

98 × 97 கணக்கை நீங்கள் இரண்டே ஸ்லைடில் முடித்திருக்கிறீர்கள். முதல் ஸ்லைடில் கேள்வி. அடுத்ததில் எல்லாம் ஒரேயடியாக: நூறுக்கு 98-இல் 2 குறைவு, 97-இல் 3 குறைவு, 98-இல் 3 போனால் 95, இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் 6, விடை 956. கீழே சரிபார்ப்பு என்று ஒரு வரி, பக்கத்தில் பச்சை டிக்.

சரியான விடை 9506. நூறை வைத்துச் செய்யும்போது வலது பக்கம் இரண்டு இலக்கம் வர வேண்டும். 6 வந்தால் 06 என்று எழுத வேண்டும். அந்தப் படிக்கென்று ஒரு ஸ்லைடு இருந்திருந்தால், தயாரித்தவரே அங்கே நின்றிருப்பார். படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் அந்தப் படியே விழுந்துபோய்விட்டது, யார் கண்ணிலும் படவில்லை.

என்னை அதிகம் வருத்தியது அந்தப் பச்சை டிக்தான். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள். 98-க்கு 9 + 8 = 17, அதைக் கூட்டினால் 8. 97-க்கு 16, அது 7. எட்டேழு ஐம்பத்தாறு, 5 + 6 = 11, அது 2. விடை 956-இல் 9 + 5 + 6 = 20, அது 2. இரண்டும் 2, ஆக சரி. ஆனால் 9506-ஐக் கூட்டினாலும் 20தான், அதே 2தான். நடுவில் ஒரு பூஜ்யம் காணாமல் போனால் இலக்கங்களின் கூட்டல் மாறவே மாறாது. இந்தக் குறுக்குவழியில் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு எதுவோ, அதைக் கண்டுபிடிக்கவே முடியாத சரிபார்ப்பை அதன் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்.

பூஜ்யம் மட்டுமல்ல. 88 × 89 எடுத்துக்கொள்ளுங்கள். குறைவு 12, 11. இடது பக்கம் 88-இல் 11 போனால் 77. வலது பக்கம் 12 × 11 = 132. உங்கள் ஸ்லைடின் வழியில் ஒட்டினால் 77132. உண்மையான விடை 7832. இரண்டின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள், இரண்டுமே 20. இங்கேயும் பச்சை டிக் விழும்.

சென்ற வார மாதிரித் தேர்வில் 99 × 96 கேட்டிருந்தீர்கள். எங்கள் பெண் 954 என்ற விடையைக் குறித்துவிட்டு வந்தாள். "மாமா, செக் பண்ணிட்டுத்தான் போட்டேன். ரெண்டு பக்கமும் ஒன்பதுதானே வருது?" என்று நோட்டை நீட்டினாள். சொன்னது உண்மை, ஒன்பதுதான் வருகிறது. அவசரத்தில் செய்த தவறு என்றால் திட்டியிருப்பேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒரு படி விடாமல் செய்து, சரிபார்த்தும் பார்த்து, தப்பான விடையைக் குறித்துவிட்டு வந்த பெண்ணிடம் என்ன சொல்வது? குரூப் 4-இல் திறனறிதலுக்கு 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். காலையில் மீன் ஏலம் முடித்து வரும் அம்மாவுக்கு உதவிவிட்டு, பஸ் பிடித்து வகுப்புக்கு வருகிறவள் அவள். அந்த ஒன்றரை அவளுக்குச் சின்னது இல்லை.

ஆகவே கேட்கிறேன்: ஒரு ஸ்லைடுக்கு ஒரு படி வையுங்கள். முதலில் கேள்வி மட்டும். அடுத்து நூறுக்கு எவ்வளவு குறைவு என்பது மட்டும். அடுத்து 98 − 3 = 95. இங்கே ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்: இந்த 95 என்பது 95 நூறு, அதாவது 9500. அடுத்த ஸ்லைடில் 2 × 3 = 6. அதற்கடுத்ததில் ஒட்டச் சொல்லாமல் கூட்டச் சொல்லுங்கள்: 9500 + 6 = 9506. இப்படிச் செய்தால் 06 என்ற விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், 132 வந்தால் ஒன்றை அந்தப் பக்கம் தள்ளு என்ற விதியும் வேண்டாம். 7700 + 132 = 7832, தானாக வந்து உட்காரும். இந்தக் குறுக்குவழி வேலை செய்வதே அதனால்தான்.

கடைசி ஸ்லைடு சரிபார்ப்புக்கு மட்டும். அதில் முதலில் அளவைப் பார்க்க வேண்டும். 98 × 97 என்பது 100 × 97-ஐ விடக் கொஞ்சம் குறைவு, அதாவது 9700-க்குக் கொஞ்சம் கீழே. 956 அங்கேயே விழுந்துவிடும். 88 × 89 என்றால் 90 × 90 = 8100-க்குக் கீழே; 77132 நிற்காது. அப்புறம் இலக்கக் கூட்டல் வரட்டும். அது வீண் என்று நான் சொல்லவில்லை. 98-இல் 3 போனால் 96 என்று எவராவது எழுதி 9606 கொண்டுவந்தால் கூட்டல் 3 வரும், 2 வராது, பிடித்துக்கொடுக்கும். கணக்கில் வழுக்கியதை அது பெரும்பாலும் பிடிக்கும், இடம் மாறியதைப் பிடிக்காது. இரண்டும் வேண்டும், அளவு முதலில்.

ஒரே ஸ்லைடில் அனிமேஷன் வைத்துப் படிகளை ஒவ்வொன்றாக வரவைக்கிறோமே என்று உங்கள் ஆசிரியர் சொல்லலாம். வகுப்பில் அது சரி. வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக அனுப்பும்போது அனிமேஷன் போய்விடுகிறது, எல்லா வரியும் ஒரே பக்கத்தில் கிடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு எது முதல், எது பிறகு என்று தெரிவதில்லை. தனித்தனி ஸ்லைடு என்றால் பி.டி.எஃப்.-இலும் தனித்தனிப் பக்கம். முந்தைய படி மேலே மங்கலாக நிற்கட்டும், புதிய படி மட்டும் கறுப்பில் வரட்டும். ஸ்லைடு கூடுகிறது என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

பார்க்கப்போனால் இது உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை. இந்த ஊரில் பல இடங்களில் ஐந்து வினாடியில் விடை, மூன்று வினாடியில் விடை என்றுதான் பேச்சு. ஏன் அந்த விடை வருகிறது என்று யாரும் நின்று சொல்வதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதும்போது ஒவ்வொரு வரியாகத்தான் எழுத முடிந்தது. பிள்ளைகளும் கூடவே எழுதினார்கள். திரை வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரு தட்டில் காட்ட முடிகிறது, காட்டிவிடுகிறோம். சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் ஞாயிறு வகுப்பு தொடங்கும்போது பழைய 956 ஸ்லைடைத் திரையில் காட்டி, இது தவறு என்று சொல்லுங்கள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படி, கடைசியில் அளவுச் சரிபார்ப்பு என்று மாற்றிய கோப்பைக் குழுவில் அனுப்புங்கள், பழையதை நீக்கிவிடுங்கள். 99 × 96-க்கு 954 குறித்தவர்கள் எத்தனை பேர் என்று விடைத்தாளில் பாருங்கள், அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு முறை செய்யவையுங்கள். ஸ்லைடு தயாரிக்க ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை மாலை நான் வந்து உட்கார்ந்து செய்துதருகிறேன், தயவுசெய்து சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பழைய கணக்கு வாத்தியார்