நாற்பது பெயர் நோட்டீஸுக்குப் பதிலாக மூன்று கடைச் சீட்டு

கும்பகோணம் கடைத்தெரு வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தத்துக்கு நாற்பது கடைப் பெயரைப் போட்டுப் பொது நோட்டீஸ் அடிப்பதை இந்த முறை விட்டுவிடலாம். அதை வாங்குகிறவர் எந்தக் கடைக்கும் போகமாட்டார், முறுக்கு மடிக்கத்தான் உதவும். ஒன்றுக்கொன்று போட்டியில்லாத மூன்று கடைகளாகச் சேர்த்துவிடுங்கள்: ஜவுளி, தையல், வளையல். ஒரு கடையில் வாங்குகிறவருக்கு, அடுத்த கடையில் காட்டிச் சலுகை பெறும் சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுச் சீட்டு. ஐம்பது தாள் ஜெராக்ஸில் 400 சீட்டு கிடைக்கும். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றாலும் மொத்தம் 100 ரூபாய்தான், மூன்று கடையும் பங்கிட்டுக்கொள்ளலாம். கொடுக்கிற கடையின் ரப்பர் ஸ்டாம்பும் கடைசித் தேதியும் சீட்டில் இருக்க வேண்டும். தேதி இல்லாத சீட்டு தீபாவளி நெரிசலில் வந்து நிற்கும்.

சலுகையைத் தெளிவாக எழுதுங்கள். 'சிறப்புத் தள்ளுபடி' என்று போட்டால் கல்லாவில் வாக்குவாதம்தான் வரும். 'பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் சேலைக்கு ஓரம் அடிப்பது இலவசம்', '200 ரூபாய்க்கு மேல் வளையல் வாங்கினால் 20 ரூபாய் குறைவு' என்று இருக்கட்டும். தள்ளுபடியைச் சீட்டை வாங்குகிற கடைதான் ஏற்க வேண்டும். ஜிஎஸ்டி பில் போடுகிறவர்கள் அந்த 20 ரூபாயைப் பில்லிலேயே கழித்துக் காட்டினால், மீதித் தொகைக்குத்தான் வரி.

வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் எல்லாக் கடையையும் ஒரே நடையில் முடித்துவிட்டுத்தான் திரும்புவார். அதனால் வளையல் கடைச் சீட்டு அன்றே செல்லுபடியாக வேண்டும். ஆனால் தைத்த பிளவுஸை வாங்க அவர் எப்படியும் இன்னொரு முறை வரத்தான் போகிறார். ஜவுளிக்கடைக்கான சீட்டைத் தையற்காரர் அப்போது கொடுக்க வேண்டும், தைக்கக் கொடுத்த அன்று அல்ல. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சீட்டைக் கல்லாமேல் அடுக்கி வைத்தால் யாரும் எடுப்பதில்லை. மீதிச் சில்லறையோடு கையில் கொடுத்து, "எதிர்க்கடையில காட்டுங்கம்மா, இருபது ரூவா குறைப்பாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிர்க்கடைப் பையனுக்கு விஷயம் தெரியாமல் "அப்படியெல்லாம் இல்லீங்களே" என்றுவிட்டால், கோபம் சீட்டுக் கொடுத்தவர்மேல்தான் வரும். மூன்று சலுகைகளையும் ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொரு கல்லாவுக்கு அருகிலும் ஒட்டிவிடுங்கள்.

வந்த சீட்டைப் பில் குத்தும் கம்பியில் குத்தி வைத்து, சனிக்கிழமை இரவு எண்ணுங்கள். வளையல் கடைக்கு 30 சீட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். தள்ளுபடி 600 ரூபாய். 300 ரூபாய் விற்பனையில் 90 ரூபாய் நிற்கிறது என்றால், புது ஆளிடம் 70 மிஞ்சும். எப்படியும் வந்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளரிடம் 20 ரூபாய் வெறும் நஷ்டம். அதனால் முதல் தடவை வருகிறவரின் சீட்டில் ஒரு டிக் போடச் சொல்லுங்கள். முப்பதில் ஏழுக்குக் கீழே டிக் இருந்தால் லாபம் 490-ஐத் தொடாது, பழைய ஆட்களுக்குக் கொடுத்தது 460-ஐத் தாண்டும். அங்கே சலுகையை மாற்றியாக வேண்டும்.

இப்படிக்கு,
கடைத்தெரு சில்லறை வணிகர்கள் சிலர்