பென்ஷன்ல சேரலாம்னு இருக்கேன், நீதான் சொல்லணும்

டேய் செல்வம், எப்படிடா இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பசங்க வளர்ந்துட்டாங்கன்னு போட்டோவுலதான் பாத்துக்கிறேன். இங்க நான், கடை, கடன் நோட்டு, அவ்வளவுதான் நம்ம உலகம். நீ பேங்க்ல பென்ஷன் ஸ்கீம் பாக்குற சீட்ல இருக்கிறதால உன்கிட்டயே கேட்டுடலாம்னு எழுதுறேன்.

எனக்கு இப்போ 35, என் பொண்டாட்டிக்கு 30. நமக்கு பி.எஃப் போட எந்த முதலாளி இருக்கான், நாமளா போய்ச் சேர்ந்தாதான் உண்டு. விசாரிச்சதுல ரெண்டு ஸ்கீம் மாட்டுச்சு. ஒண்ணு சின்ன வியாபாரிங்களுக்குன்னே 2019ல கொண்டுவந்த லகு வியாபாரி மான்தன். வருஷ விற்பனை ஒன்றரை கோடிக்குள்ள இருக்கணும், பி.எஃப் ஈ.எஸ்.ஐ இருக்கக்கூடாது, வருமான வரி கட்டக்கூடாது, 18லேருந்து 40 வயசுக்குள்ள சேரணும். என் வயசுக்கு மாசம் 150 ரூபா, அரசாங்கமும் அதே 150 போடுது, 60க்கு அப்புறம் மாசம் 3000. அடல் பென்ஷன்ல அதே 3000க்கு மாசம் 543 கட்டணும். பாத்த உடனே யாரா இருந்தாலும் 150 பக்கம்தான் சாய்வாங்க, நானும் சாஞ்சேன்.

ஆனா எனக்கு அப்புறம் என்ன ஆகும்னு பாத்தப்போதான் வித்தியாசம் புரிஞ்சுது. மான்தன்ல நான் 60 தாண்டிப் போய்ட்டா அவளுக்குப் பாதிதான், 1500. அவளும் போய்ட்டா பணம் அந்த நிதியிலேயே சேர்ந்துடும், பசங்களுக்கு ஒண்ணும் வராது. அடல்ல அவளுக்கு முழு 3000மும் தொடரும், ரெண்டு பேரும் இல்லன்னா நாமினிக்கு 5.1 லட்சம் போகும். 150க்கும் 543க்கும் நடுவுல இருக்கிறது அரசாங்கம் போடுற பங்கு மட்டும் இல்லடா, இதுவும்தான். என்னைக் கேட்டா அடல்தான்.

அடுத்து எவ்வளவு கட்டுறதுங்கிற குழப்பம். எடுத்தா 5000 பென்ஷனா எடுப்போம், மாசம் 902 தானேன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் ராத்திரி கடை அடைச்சிட்டு கால்குலேட்டர எடுத்து அவளையும் சேர்த்துப் போட்டுப் பாத்தேன். எனக்கு 3000க்கு 543, அவளுக்கு 30 வயசுங்கிறதால அதே 3000க்கு 347 தான், கூட்டினா 890. நான் மட்டும் 5000க்கு கட்டுறதவிட 12 ரூபா கம்மி, ஆனா ரெண்டு பேரும் 60 தாண்டுனதும் வீட்டுக்கு 6000 வரும், எனக்கு ஏதாவது ஆனாலும் என்னோட 3000, அவளோட 3000 ரெண்டுமே அவ கைக்கு வரும். அவ என்னைவிட அஞ்சு வருஷம் கூட கட்டணும், அவ பென்ஷனும் அஞ்சு வருஷம் கழிச்சுதான் ஆரம்பிக்கும், அது சரிதான். அன்னிக்கு 3000க்கு என்ன வாங்க முடியும்னு நீ கேப்ப, எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல்.

இன்னொண்ணு, சேர்ற வயசு ஒண்ணு ஏறினாலே தொகை ஏறுதே, 36ன்னா 543 இல்ல, 594. அதுவும் 60 வரைக்கும் மாசாமாசம். அதனால என் பொறந்தநாளுக்கு முன்னாடியே முடிச்சுடணும்.

இப்போ கேள்விக்கு வர்றேன். கடைக்கு கரண்ட் அக்கவுண்ட் வச்சிருக்கேன், இதுக்கு சேவிங்ஸ்தான் வேணுமாமே, அப்போ பழைய சேவிங்ஸ் பாஸ்புக், ஆதார், போன் நம்பர் எடுத்துட்டு வந்தா போதுமா, அவளும் நேர்ல வரணுமா? அக்கவுண்ட்லேருந்து தானா எடுத்துக்குவாங்கன்னாலும் நம்ம வியாபாரத்துல சில மாசம் கையில காசே நிக்காதுன்னு உனக்கே தெரியும், பேலன்ஸ் இல்லாம தவறினா நூறு ரூபாய்க்கு மாசம் ஒரு ரூபா அபராதமாம். அதுக்கு பதிலா மூணு மாசத்துக்கு ஒரு தடவ, இல்ல ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கட்டுற மாதிரி வச்சா, சீசன் முடிஞ்சு காசு இருக்கிறப்பவே போட்டு வச்சுடலாம்னு தோணுது. நீ தெனம் பாக்குற ஆளு, கடைக்காரங்களுக்கு எது தோதா இருக்கு?

முக்கியமா இது, 2022 அக்டோபர்லேருந்து வருமான வரி கட்டுறவங்க அடல்ல புதுசா சேர முடியாதுன்னு ஆக்கிட்டாங்கல்ல, நான் லோனுக்காக ரிட்டர்ன் போடுறேன், ஆனா வரி பூஜ்யம்தான். ரிட்டர்ன் போட்டாலே தள்ளிடுவாங்களா, இல்ல வரி கட்ட வேண்டி வந்தாதானா? என் கணக்குப்படி எனக்குத் தடை இல்ல, ஆனா ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்தை சொல்லிடு. என்னிக்கு கூட்டம் கம்மியா இருக்கும்னும் சேர்த்து எழுது, அன்னிக்கு கடைய மதியம் சாத்திட்டு அவளையும் கூட்டிட்டு வந்துடுறேன்.

உன்
முருகன்