1,700 ரிங்கிட் பத்து மணி நேர வேலைக்கான சம்பளம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு உணவகங்களின் ஆள் பற்றாக்குறை பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையில் ஒரு முதலாளி, "1,700 ரிங்கிட்டும் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கிறோம், இதற்கு மேல் ஓவர்டைம் வேறு கேட்கிறார்கள்" என்கிறார். அதை ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள். அது சரியென்று நம்பி நாளை சம்பளம் போடப்போகிற கடைக்காரர்கள் உங்கள் வாசகர்கள்தாம். பல கடைகளுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1,700 என்பது சட்டப்படி கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம். சாப்பாட்டையும் அறையையும் விலை போட்டு அதற்குள் சேர்க்க முடியாது. அறைக்காகப் பிடித்தம் செய்வதானால் தொழிலாளியின் எழுத்துபூர்வமான கோரிக்கையும் தொழிலாளர் இலாகாவின் முன் அனுமதியும் வேண்டும்.

2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. தினம் 8 மணி, வாரம் 6 நாள் என்ற பழைய கணக்கு 48 ஆகிவிடுகிறது. அங்கேயே 3 மணி ஓவர்டைம். ஆறு நாள் கடைக்கு ஒரு நாள் என்பது ஏழரை மணி.

காலை 11 முதல் இரவு 10 வரை நிற்கும் தே தாரேக்காரரை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேர இடைவேளை போக 10 மணி வேலை, அதில் இரண்டரை மணி ஓவர்டைம். 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65.38 ரிங்கிட். அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8.72. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 13.08. மாதம் 26 நாளில் 65 மணி. சுமார் 850 ரிங்கிட். பிடித்தங்களுக்கு முன் அவருக்குச் சேரவேண்டியது 2,550.

வார ஓய்விலும் இதே குழப்பம். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கட்டாயம். நாள் மாறி மாறி வருமானால் மாதம் பிறக்கும் முன்பே அட்டவணை எழுதிவைக்க வேண்டும். அந்த நாளில் அதே 10 மணி வேலை வாங்கினால், மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் சம்பளம் 65.38, ஏழரை மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்பு, 43.60. ஆக ஏறக்குறைய 109 ரிங்கிட். "ஐம்பது தந்துவிட்டேன்" என்பவர் பாதிக்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார்.

ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கும் 2025 ஆகஸ்டு 1 முதல் இந்த 1,700 பொருந்தும். பிப்ரவரியில் பெரிய கடைகளுக்கு வந்தபோது முதல் பக்கத்தில் போட்டீர்கள். ஆகஸ்டில் உங்கள் பத்திரிகையில் நான் தேடியும் கிடைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை என்றால் ஒவ்வொரு முறையும் முதலாளிகளிடம் மட்டுமே பேசுகிறீர்கள். பாத்திரம் கழுவுகிறவரின் ஒரு வார்த்தையையும் உங்கள் பக்கங்களில் நான் பார்த்ததில்லை. குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காததற்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் வரலாம் என்பதும் அந்தக் கட்டுரையில் இல்லை.

26-ஆல் வகுப்பது, ஏழரையால் வகுப்பது, ஒன்றரை, இரண்டு என்ற பெருக்கல்கள்: இந்த நான்கு வரியை வரும் ஞாயிறு ஒரு சிறு கட்டமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிள்ளான் வாசகர்