பிரெட் பூஞ்சையும் வெளிச்சமும்: நடுநிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன் நான். மாணவர்களின் அறிவியல் கண்காட்சி எங்கே நடந்தாலும் போய்ப் பார்ப்பேன். போகிற இடத்தில் எல்லாம் பிரெட்டில் பூஞ்சை வளர்க்கும் செயல்திட்டம் ஒன்றாவது இருக்கும். செலவு குறைவு, நுண்ணோக்கி வேண்டாம், ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற முடிவு கிடைக்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நுண்ணுயிர்ச் சோதனை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான், அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தவறான முடிவைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

அட்டையில் பெரும்பாலும் மூன்று படங்கள் இருக்கும். ஒரு துண்டு பிரெட் ஜன்னலோரத்தில், ஒரு துண்டு இருட்டான அலமாரியில், ஒரு துண்டு ஃப்ரிட்ஜில். ஒரு வாரம் கழித்து அலமாரித் துண்டில் மட்டும் பூஞ்சை பிடித்திருக்கும். கீழே முடிவு: “பூஞ்சை இருட்டில் வளரும். வெளிச்சமும் குளிரும் பூஞ்சையைக் கொல்லும்.” மாணவர் பார்த்ததைப் பொய்யில்லாமல்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் சோதனை வெளிச்சத்தைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

ஜன்னலோரத் துண்டுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். சாதாரண வெள்ளை பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர். 30 கிராம் துண்டு ஒன்றில் சுமார் 11 கிராம் தண்ணீர் இருக்கும். பூஞ்சைக்குத் தேவையானது அந்த ஈரம். துண்டைத் திறந்தபடி வெயிலில் வைத்தால் மேற்பரப்பு சீக்கிரமே விறைத்துவிடும். காற்றில் இருந்து அதன் மேல் விழுந்த பூஞ்சை ஸ்போர்கள் அங்கேயேதான் கிடக்கும், முளைக்கத்தான் ஈரம் கிடைக்காது. அலமாரியில் காற்றோட்டம் குறைவு, ஈரம் மெதுவாகத்தான் போகும், ஸ்போர்கள் முளைத்துவிடும். ஆக, அங்கே மாறியது வெளிச்சம் மட்டும் அல்ல. ஈரம், வெப்பம், காற்றோட்டம் எல்லாமே சேர்ந்து மாறியிருக்கின்றன.

இதை மாணவரே கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. முதல் நாளும் கடைசி நாளும் துண்டை எடை போடச் சொல்லுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். 30 கிராமாக இருந்த துண்டு 21 கிராமுக்கு இறங்கியிருந்தால், அதிலிருந்த தண்ணீரில் பெரும்பகுதி போய்விட்டது என்று அர்த்தம். பூஞ்சை வராததற்குக் காரணம் எங்கே இருக்கிறது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, துண்டை பிளாஸ்டிக் கவரில் மூடி வெயிலில் வைத்தால்? அப்போது ஈரம் வெளியே போகாது, ஆனால் கவருக்குள் சூடு ஏறும். பிரெட்டில் வரும் பல பூஞ்சைகளுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வசதி. 40 டிகிரியை நெருங்கினால் பலவற்றின் வளர்ச்சி நின்றுவிடும். அப்போதும் வெளிச்சத்தின் வேலை எது, சூட்டின் வேலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வெளிச்சத்தைத்தான் சோதிக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யச் சொல்லலாம். ஒரே பாக்கெட் பிரெட்டை எடுத்து, ஓரத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு நடுவிலிருந்து ஐந்து துண்டுகள் எடுக்கட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள இரண்டு சதுரங்களை வெட்டி, ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று இருட்டுக்கு என்று பிரித்துவிடட்டும். பத்துச் சதுரங்களையும் ஒரே தட்டில் அரை மணி நேரம் திறந்து வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அறைக்காற்று கிடைக்கும். அப்புறம் ஒவ்வொன்றின் மேலும் பத்துச் சொட்டுத் தண்ணீர் பரவலாக விட்டு, ஜிப் வைத்த தனித்தனிக் கவர்களில் கொஞ்சம் காற்றோடு மூட வேண்டும். காற்றை அழுத்தி வெளியேற்றக் கூடாது, பூஞ்சை வளர ஆக்சிஜன் வேண்டும். கவரின் வாயில் டேப் ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கவரைத் திறக்கவே வேண்டாம்.

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகள் போதும். ஒன்றின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளும் மற்றதன் மேல் கறுப்புக் காகிதமும் ஒட்டி, நேர் வெயில் படாத இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரு வெப்பமானி இருக்கட்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் இடத்தை மாற்றுங்கள். இந்த இரண்டு வெப்பமானிகளைத்தான் மாணவர்கள் முதலில் விட்டுவிடுவார்கள். அவை இல்லாவிட்டால் நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

அளப்பதற்கு, ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்த ஒளிபுகும் தாளைக் கவரின் மேல் வைத்து எண்ணலாம். 5-க்கு 5 சதுரத்தில் 25 கட்டங்கள் வரும், ஒரு கட்டம் நூற்றுக்கு நான்கு. கட்டத்தில் துளி பூஞ்சை தெரிந்தாலும் அதை எண்ண வேண்டும் என்று முதல் நாளே விதி வைத்துவிடுங்கள். இது உண்மையான பரப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்தான். ஆனால் எல்லாக் கவருக்கும் ஒரே விதி என்பதால் ஒப்பிடுவதற்குக் குறையில்லை. நடுவில் விதியை மாற்றினால்தான் ஆபத்து. நிறத்தைத் தனியாகக் குறிக்கட்டும். வெள்ளைப் பஞ்சாகப் பரவி, நுனியில் கறுப்புப் புள்ளிகள் வைப்பது பெரும்பாலும் ரைசோபஸ். நீலப்பச்சைத் தூளும் சுற்றி வெள்ளை விளிம்புமாக வட்டமாக வருவது பெரும்பாலும் பெனிசிலியம். ரைசோபஸ் வந்த கவரில் நேற்று மூன்று கட்டமாக இருந்தது இன்று இருபதைத் தாண்டிவிடலாம், பெனிசிலியம் நிதானமாக நகரும். எண்ணிக்கை திடீரென்று குதித்தால் அது எந்தப் பூஞ்சை என்று பார்க்காமல் காரணத்தை நிலைமையின் மேல் போடக் கூடாது.

ஐந்து ஐந்தாக எதற்கு என்று கேட்கலாம். அடுப்பின் சூட்டில் பிரெட்டிலிருந்த பூஞ்சை ஸ்போர்கள் அநேகமாக எல்லாமே செத்துவிடும். நாம் பார்க்கும் பூஞ்சை, பிரெட் ஆறும்போதும் வெட்டும்போதும் அதற்குப் பிறகும் வந்து விழுந்தது. எந்தச் சதுரத்தின் மேல் எத்தனை விழும் என்பது தற்செயல். கணக்குக்காக இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் பூஞ்சை தெரிந்த நாள், வெளிச்சப் பெட்டியில் 4, 5, 5, 7. ஐந்தாவது கவரில் பத்து நாள் வரை ஒன்றும் இல்லை. இருட்டுப் பெட்டியில் 4, 4, 6, 6, 8. வரிசையில் நடுவில் நிற்கும் எண் வெளிச்சத்துக்கு 5, இருட்டுக்கு 6. இரண்டு வரிசையும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இந்தச் சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் நேர்மையான முடிவு.

இதே சோதனையை மாணவர் பெட்டிக்கு ஒரே ஒரு சதுரம் மட்டும் வைத்துச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையில் சிக்கியது வெளிச்சத்தில் 4, இருட்டில் 8 என்றால் “வெளிச்சத்தில் பூஞ்சை வேகமாக வளரும்” என்று எழுதியிருப்பார். வெளிச்சத்தில் ஒன்றும் வராத கவரும் இருட்டில் 4-ஆம் நாள் கவரும் சிக்கியிருந்தால், நேர் எதிராக எழுதியிருப்பார். அட்டையில் இரண்டும் ஒரே மாதிரி உறுதியாகத் தெரியும். இந்தப் பத்து முடிவுகளையும் கரும்பலகையில் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பக்கமும் ஒன்றைத் தொடச் சொல்லிப் பாருங்கள். ஏன் பல மாதிரிகள் வேண்டும் என்று அதன் பிறகு நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

அடுத்தது ஃப்ரிட்ஜ். “குளிர் பூஞ்சையைக் கொல்லும்” என்ற வரியை நீங்கள் அப்படியே விட்டுவிடக் கூடாது. 4 டிகிரியில் வளர்ச்சி மிகவும் மெதுவாகும், அவ்வளவுதான். சில பெனிசிலிய வகைகள் அந்தக் குளிரிலும் வளரும். ஒரு வாரத்தில் முடியும் செயல்திட்டத்தில், “7 நாளில் பூஞ்சை தெரியவில்லை” என்று மட்டும்தான் எழுத முடியும். ஏழாம் நாள் கவரைத் தூக்கிப் போடாமல் வெளியே, மற்ற கவர்களின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சில நாளில் அதிலும் பூஞ்சை வந்துவிட்டால், ஸ்போர்கள் சாகாமல் காத்திருந்தன என்று மாணவர் தானே சொல்வார். உறைபெட்டியில் வைத்த கவருக்கும் இதையே செய்து பார்க்கலாம்.

நாட்களைத் திட்டமிடும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிடுங்கள். கால்சியம் ப்ரோபியோனேட் அல்லது 282 என்ற எண் இருந்தால் அது பூஞ்சையைத் தள்ளிப்போடும் பதப்பொருள். அந்த பிரெட்டில் ஒரு வாரத்துக்கு ஒன்றுமே வராமல் போகலாம், மாணவர் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து நொந்துபோவார். பாதியில் வேறு பிரெட்டுக்கு மாறினால் அதுவரை எடுத்த கணக்கு எல்லாம் வீண். பூஞ்சை சீக்கிரம் வரட்டும் என்று தரையில் தேய்க்கவோ, எச்சில் தொடவோ, தும்மவோ சொல்வதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மனித உடலிலிருந்து வரும் பாக்டீரியாக்களைக் கவருக்குள் பெருக்க இது இடமில்லை. அறைக்காற்றே போதும்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, மதிப்பெண் தாளில் “எத்தனை நிலைமைகளைச் சோதித்தார்” என்ற வரியை எடுத்துவிட்டு, “எதை மட்டும் மாற்றினார், மற்றவை மாறவில்லை என்பதற்கு என்ன அளவு காட்டுகிறார்” என்று கேளுங்கள். இரண்டு, “வித்தியாசம் தெரியவில்லை” என்று முடிவு எழுதும் மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைப்பார்கள் என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு இல்லாத வித்தியாசத்தை எழுதிக்கொண்டு வருவார்கள்.

மூன்றாவது, கவரைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள். முற்றிய பூஞ்சை, திறந்த நொடியில் அறை முழுவதும் ஸ்போர்களைத் தூவும். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ள பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும். பார்க்க வேண்டியதை எல்லாம் கவருக்கு வெளியிலிருந்து கைலென்ஸ் வைத்தே பார்க்கலாம், புகைப்படமும் எடுக்கலாம். பத்துப் பதினான்கு நாளில் சோதனையை நிறுத்திவிட்டு, மூடிய கவரை இன்னொரு கவருக்குள் போட்டுக் கட்டி, பெரியவர் ஒருவரே குப்பையில் சேர்க்க வேண்டும். கவர் கிழிந்திருந்தால் அதை அப்படியே வேறொரு கவருக்குள் வைத்து மூடிவிடுங்கள். அந்த மாதிரியைக் கணக்கிலிருந்து நீக்கி, நீக்கியதற்கான காரணத்தையும் மாணவர் குறிப்பேட்டில் எழுதட்டும்.

அன்புடன்,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்